மாங்கூழ் டின்னுக்கு 18, கூழுக்கு 5: தேங்கிய கிரெடிட்டில் எவ்வளவு கேட்கலாம்?

காவேரிப்பட்டினம் கூழ்

வணக்கம். காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மாங்கூழ் ஆலை நடத்துகிறேன். பெங்களூரா ரகம்தான் அரைக்கிறோம். 3.1 கிலோ டின், பெட்டிக்கு ஆறு. எல்லாம் உள்நாட்டு விற்பனை.

2025 செப்டம்பர் 22க்கு முன் கூழுக்கு 12% ஜிஎஸ்டி வரி. அன்றிலிருந்து 5%. ஆனால் டின்னுக்கு 18% அப்படியே நிற்கிறது. மாம்பழம் தோட்டத்திலிருந்து வருவதால் அதில் வரியே இல்லை. ஆகவே வாங்கும்போது கட்டி, விற்பனை வரியில் கழித்துக்கொள்ளும் என் கிரெடிட் பெரும்பாலும் டின்னில்தான். சீசன் முடிந்தால் லெட்ஜரில் லட்சக்கணக்கில் கிடக்கிறது, பழம் போட்டவர்களுக்குக் கொடுக்கக் கையில் பணம் இல்லை.

ரீஃபண்ட் கேட்கலாம் என்று தெரியும். எவ்வளவு என்பதில்தான் குழப்பம். ஆடிட்டர் அலுவலகத்தில், "மார்ச் முடியட்டும், வருஷத்துக்கு ஒரே விண்ணப்பமாகப் போடுவோம், 92,000 வரும்" என்கிறார்கள். தங்கை மகன் விதியைப் படித்துவிட்டு ஏப்ரல் முதல் ஜூலை வரை மட்டும் கணக்கிட்டு 9,16,155 என்கிறான். அதையே போர்ட்டலில் போட்டுப் பார்த்தால் 6,75,000க்கு மேல் ஏற மறுக்கிறது. மூன்று தொகையில் எது சரி?

என் கணக்கு இது, எல்லாம் 5% வந்த பிறகு தொடங்கிய நிதியாண்டுக்கு. டின் 80,000, ஒன்று 70 ரூபாய். டின்னில் மட்டும் 10,08,000 கிரெடிட். அட்டைப்பெட்டியில் 30,000. லேபிள், சிட்ரிக் அமிலம், சுத்தம் செய்யும் சாமான் எல்லாம் சேர்த்து 54,000. ஆள் காண்ட்ராக்ட், கிடங்கு வாடகை போன்ற சேவைகளில் ஜூலை வரை 1,50,000, நவம்பர் வரை 1,83,000, மார்ச் வரை 2,16,000 ஆகும். ஜூலை வரை விற்றது 40 லட்சம், நவம்பர் வரை 1 கோடியே 20 லட்சம், மார்ச்சுக்குள் 2 கோடி எட்டும். ஏப்ரல் தொடக்கத்தில் லெட்ஜரில் பழைய பாக்கி எதுவும் இல்லை. நவம்பர் வரை மாத ரிட்டர்ன் GSTR-3B போட்டாகிவிட்டது.

போச்சம்பள்ளி ஏற்றுமதி

அண்ணா, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நான் வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான எல்.யு.டி. உறுதிமொழி போட்டுத்தான் அனுப்புகிறேன். டின், பெட்டி, கிடங்கு வாடகை எல்லாவற்றின் கிரெடிட்டும் எனக்கு முழுசாகத் திரும்பி வருகிறது. ஷிப்பிங் பில் நம்பர் கொடுத்தால் போதும்.

காவேரிப்பட்டினம் கூழ்

தம்பி, நான் ஏற்றுமதி செய்யவில்லை. ஜூஸ் கம்பெனிகளுக்கும் சில மொத்த வியாபாரிகளுக்கும் 5% போட்டு பில் கொடுக்கிறேன்.

ஊத்தங்கரை ஆடிட் உதவி

ஏற்றுமதி விதி வேறு, இது வேறு. அங்கே சேவை கிரெடிட்டும் கிடைக்கும், இங்கே கிடைக்காது. 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் விகேசி ஃபுட்ஸ்டெப்ஸ் வழக்கில் அதை உறுதி செய்துவிட்டது. உள்ளீட்டுப் பொருளின் கிரெடிட் மட்டும்தான் ரீஃபண்டுக்கு வரும். ஆகவே உங்கள் ஆடிட்டர் சொல்வதே சரி. பொருள் கிரெடிட் 10,92,000. வருஷ வரி 2 கோடிக்கு 10,00,000. கழித்தால் 92,000. அவ்வளவுதான். இன்னொன்று, கேட்பதற்கு நிதியாண்டு முடிந்து இரண்டு வருடம் அவகாசம் உண்டு. மெதுவாகப் போடலாம்.

தருமபுரி வரிக்கணக்கு

ஊத்தங்கரைத் தம்பி தீர்ப்பைச் சரியாகச் சொன்னார். ஆனால் அதற்குப் பின்னால் நடந்ததை விட்டுவிட்டார். சேவை கிரெடிட்டை ரீஃபண்டில் சேர்க்க முடியாது என்று சொன்ன அதே தீர்ப்பு, சூத்திரத்தில் ஒரு கோணல் இருக்கிறது, அதை அரசு கவனிக்கட்டும் என்றும் சொன்னது. 2022 ஜூலை 5இல் விதி 89(5) திருத்தப்பட்டது. 92,000 என்பது திருத்தத்துக்கு முந்தைய கணக்கு. பழைய எக்செல் தாளை மாற்றாமல் வைத்திருக்கும் அலுவலகங்களை இன்னும் பார்க்கிறேன். ஆடிட்டரிடம் அந்தத் தாளைக் காட்டச் சொல்லுங்கள்.

கோணல் என்ன என்று சொல்கிறேன். உங்கள் கிரெடிட் லெட்ஜரை ஒரு தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். டின் கிரெடிட்டும் சேவை கிரெடிட்டும் ஒரே தொட்டியில்தான் விழுகின்றன. கூழ் விற்று வரி கட்டும்போது இரண்டும் கலந்துதான் வெளியே போகின்றன. பழைய சூத்திரமோ, கட்டிய வரி முழுவதும் டின் கிரெடிட்டிலிருந்தே போனதாக எடுத்துக்கொண்டது. அதனால் டின் பக்கம் மீதமே இல்லாதது போலத் தோன்றியது. இப்போதைய சூத்திரம், எந்த விகிதத்தில் தொட்டியில் விழுந்ததோ அதே விகிதத்தில் வரியைப் பிரிக்கிறது.

```
ரீஃபண்ட் = (தலைகீழ் விற்பனை × பொருள் ITC ÷ சரிசெய்த மொத்த விற்பனை)
         − (அந்த விற்பனையின் வரி × பொருள் ITC ÷ (பொருள் ITC + சேவை ITC))
```

ITC என்பது கிரெடிட்தான். உள்ளீட்டுக்கு வரி கூடுதலாகவும் விற்பதற்கு வரி குறைவாகவும் இருந்தால் அது தலைகீழ் விற்பனை. உங்களுக்கு எல்லா விற்பனையும் 5% கூழ்தான் என்பதால் முதல் பகுதி 10,92,000 அப்படியே நிற்கும். முழு வருஷத்துக்கு இரண்டாவது பகுதியைப் பாருங்கள்: 10,00,000 × 10,92,000 ÷ 13,08,000 = 8,34,862. மீதி 2,57,138. ஆடிட்டர் சொன்னது 92,000. வித்தியாசம் ஒன்றரை லட்சத்துக்கு மேல்.

அட்டைப்பெட்டிக்கு 5% தானே, அதை ஏன் சேர்க்க வேண்டும் என்று சிலர் கழற்றிவிடுகிறார்கள். வேண்டாம். அந்தக் கூழுக்குப் போன பொருள் எதுவானாலும் அதன் வரி விகிதம் கூடவோ குறையவோ இருக்கட்டும், பொருள் கிரெடிட்டில் சேரும். சுற்றறிக்கையே இதைத் தெளிவாக்கிவிட்டது.

காலக்கெடுவும் நிதியாண்டுக் கணக்கில் இல்லை, தம்பி. அது 2019 பிப்ரவரிக்கு முன். இப்போது ஒவ்வொரு மாதத்துக்கும் அதன் 3B போட வேண்டிய கடைசி நாளிலிருந்து இரண்டு வருடம். ஏப்ரல் மாதத்துக்கு மே 20இலிருந்து எண்ண வேண்டும். டின் பில் அதிகம் விழும் மாதங்கள்தான் முதலில் காலாவதியாகும்.

ஊத்தங்கரை ஆடிட் உதவி

சூத்திரத்தை ஒப்புக்கொள்கிறேன் அக்கா, எங்கள் தாளும் பழையதுதான் போலிருக்கிறது. ஆனால் 9,16,155 என்பதை ஏற்க முடியவில்லை. வருஷம் முழுக்க லெட்ஜரில் மிஞ்சப் போவதே 13,08,000 கழித்தல் 10,00,000, அதாவது 3,08,000. அதைவிட மூன்று மடங்கு எப்படித் திரும்பக் கேட்பது?

தருமபுரி வரிக்கணக்கு

நல்ல கேள்வி. மாங்கூழ்க்காரர்கள் எல்லாரும் கவனிக்க வேண்டிய இடமும் இதுதான்.

டின் முழுக்க மூன்று நான்கு மாதத்தில் வாங்கியாகிறது. கூழ் வருஷம் முழுக்க விற்கிறது. சூத்திரம் நீங்கள் தேர்ந்தெடுக்கும் காலத்துக்குள் வந்த கிரெடிட்டையும் அதே காலத்தில் விற்றதையும் மட்டும் பார்க்கிறது. கிடங்கில் இருக்கும் சரக்கு அதன் கண்ணில் படாது. ஏப்ரல்–ஜூலையில் விற்பனை வரி வெறும் 2,00,000. அதில் பொருளின் பங்கு 1,75,845. 10,92,000இலிருந்து கழித்தால் 9,16,155. பையன் கணக்கில் தப்பு இல்லை.

ஆனால் அந்தப் பணம் முழுவதும் லாபம் இல்லை. ஜூலைக்குப் பிறகு 1 கோடியே 60 லட்சத்துக்குக் கூழ் விற்பீர்கள். வரி 8,00,000. லெட்ஜரைக் காலி செய்துவிட்டதால் அதில் பெரும்பகுதியை ரொக்கமாகக் கட்ட வேண்டியிருக்கும். கூட்டிப் பாருங்கள்: ஜூலை முடிவில் லெட்ஜரில் 10,42,000. ரீஃபண்ட் போக மீதி 1,25,845. அப்புறம் வரும் சேவை கிரெடிட் 66,000. மொத்தம் 1,91,845. ஆக ரொக்கமாக 6,08,155. வாங்கியதில் கட்டியது போக 3,08,000. தம்பி சொன்ன அதே தொகை.

இதில் ஒரு விஷயம் கவனித்தீர்களா? முழு வருஷத்துக்குப் போட்டால் 2,57,138 தான் வரும், 50,862 லெட்ஜரிலேயே தங்கிவிடும். அது சேவை கிரெடிட்டின் பங்கு, அடுத்த வருஷமும் இதே முறையில் போட்டால் அதன் மேல் இன்னொன்று ஏறும். சீசனோடு காலத்தை வெட்டினால், மிஞ்சிய சேவை கிரெடிட் பின்னால் வரும் விற்பனை மாதங்களின் வரியில் கரைந்துவிடுகிறது. காலத்தை எங்கே வெட்டுகிறோம் என்பதில்தான் அந்த ஐம்பதாயிரம் இருக்கிறது.

அப்புறம், போர்ட்டல் 6,75,000இல் நின்றது ஏன்? சூத்திரத் தொகை, கேட்கும் காலத்தின் கடைசி மாத 3B போட்ட பிறகு லெட்ஜரில் இருந்த இருப்பு, விண்ணப்பிக்கும் நாளில் இருக்கும் இருப்பு, இந்த மூன்றில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். ஜூலை முடிவில் 10,42,000 இருந்தது. ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை 4,00,000 வரி லெட்ஜரிலிருந்தே போனது, சேவை கிரெடிட் 33,000 வந்தது. இன்றைய இருப்பு 6,75,000. ஆகஸ்ட் கடைசியில் போட்டிருந்தால் இந்தத் தடை வந்திருக்காது.

பர்கூர் ஆலை

நானும் இதே தொழில்தான். என் அனுபவத்தைச் சொல்கிறேன், உபயோகமாக இருக்கும்.

போன முறை சீசனை மட்டும் வெட்டித்தான் போட்டேன். முதல் அடி 2Bயில், அதாவது சப்ளையர்கள் ஏற்றிய பில்லை வைத்து மாதாமாதம் நமக்கு வரும் கிரெடிட் பட்டியலில். டின் சப்ளையர் ஒருவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுபவர். இடைமாதங்களில் பில்லை ஏற்றவே இல்லை. ஜூலையில் வாங்கிய டின் எல்லாம் செப்டம்பர் 2Bயில்தான் வந்தது. நான் அதையும் ஜூலைக் கணக்கில் போட்டு பில் பட்டியல் கொடுத்தேன். குறைபாட்டுக் குறிப்பு, RFD-03 வந்தது. அது வந்தால் பழைய விண்ணப்பம் செத்த மாதிரி, புதிதாகத்தான் போட வேண்டும். லெட்ஜரில் கழித்த தொகை திரும்பி வந்தது, நாள்தான் போயிற்று.

இரண்டாவது முறை போட்டபோது RFD-08 நோட்டீஸ் வந்தது. "உங்கள் கிரெடிட் தேங்கியது வரி விகித வித்தியாசத்தால் இல்லை, சரக்கு விற்காமல் கிடங்கில் இருப்பதால். இருப்புக் கணக்கு கொடுங்கள்" என்று கேட்டார்கள். 15 நாளில் RFD-09இல் பதில் கொடுத்தேன். விதியில் சரக்கு இருப்பைக் கழிக்கச் சொல்லும் வரி எதுவும் இல்லை என்று எழுதினேன். கேட்டதில் ஒரு பகுதியை மட்டும் அனுமதித்து உத்தரவு வந்தது. மேல்முறையீடு போட்டிருக்கிறேன், இன்னும் முடிவு வரவில்லை.

ஊத்தங்கரை ஆடிட் உதவி

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். பிரிவு 54(3)இலேயே "உள்ளீட்டின் வரி விகிதம் வெளியீட்டை விட அதிகமாக இருப்பதால் தேங்கிய கிரெடிட்" என்றுதான் இருக்கிறது. விற்காத டின்னின் கிரெடிட் அந்தக் காரணத்தால் தேங்கியது இல்லையே. அதிகாரி கேட்பதில் நியாயம் இருக்கிறது.

தருமபுரி வரிக்கணக்கு

அந்த வாதத்தை நான் லேசாகத் தள்ளவில்லை. சட்டத்தின் வாசகம் காரணத்தைச் சொல்கிறது, விதியின் சூத்திரம் தொகையைச் சொல்கிறது. என் பார்வையில், வரி விகிதம் தலைகீழாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் தொகைக்குச் சூத்திரம்தான் ஒரே வழி. அதிகாரி தாமாக ஒரு கழிவைச் சேர்க்க முடியாது. ஆனால் எல்லா அலுவலகமும் அப்படிப் பார்ப்பதில்லை, பர்கூர் அண்ணா உத்தரவே அதற்குச் சாட்சி. அதனால் இதை முடிந்த விஷயம் என்று சொல்ல மாட்டேன்.

இந்தத் தகராறை வெகுவாகக் குறைக்க ஒரு வழி உண்டு. காவேரிப்பட்டினம் அண்ணா, உங்களுக்கு நவம்பர் வரை 3B போட்டாகிவிட்டது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை ஒரே காலமாக எடுங்கள். வரி 6,00,000. பொருள் 10,92,000, சேவை 1,83,000, ஆக 12,75,000. வரியில் பொருளின் பங்கு 5,13,882. ரீஃபண்ட் 5,78,118. இன்றைய இருப்பு 6,75,000 என்பதால் தடையும் இல்லை. சரக்கில் ஐந்தில் மூன்று பங்கு விற்றுவிட்டது, இருப்புக் கேள்வி வந்தாலும் கனம் குறைவு. ஜூலையில் வாங்கி செப்டம்பர் 2Bயில் வந்த டின் பில்லும் காலத்துக்குள் விழுந்துவிடும்.

மீதி 96,882, மார்ச் வரை வரும் சேவை கிரெடிட் 33,000, இரண்டும் டிசம்பர் முதல் மார்ச் வரையிலான 4,00,000 வரியில் கரையும். 2,70,118 ரொக்கமாகக் கட்டுவீர்கள். கழித்தால் இதுவும் அதே 3,08,000 தான். ஒரு ரூபாய் குறையவில்லை.

ஓசூர் பட்டறை

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். நாங்கள் புதிதாக மிஷின் வாங்கியதில் 18% கிரெடிட் கிடக்கிறது. அதையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாமா?

தருமபுரி வரிக்கணக்கு

கூடாது. மிஷின் மூலதனப் பொருள். சூத்திரத்தின் மேலேயும் வராது, கீழேயும் வராது. வரி கட்ட மட்டும் பயன்படுத்திக்கொள்ளலாம். லெட்ஜர் இருப்பு என்ற வரம்பில் மட்டும் அது உதவும், ஏனென்றால் இருப்பில் எந்தக் கிரெடிட் என்ற பிரிவினை இல்லை.

காவேரிப்பட்டினம் கூழ்

அக்கா, இப்போதுதான் மூன்று தொகையும் எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. ஏப்ரல்–நவம்பர் என்றே போடுகிறேன். பணம் எத்தனை நாளில் வரும்? பொங்கலுக்குள் கொஞ்சமாவது கொடுத்தால்தான் தோட்டக்காரர்கள் அடுத்த சீசனுக்கு எனக்குப் பழம் போடுவார்கள்.

தருமபுரி வரிக்கணக்கு

RFD-01 விண்ணப்பம் போட்ட 15 நாளுக்குள் ஒப்புகை RFD-02 வர வேண்டும், இல்லாவிட்டால் குறைபாட்டுக் குறிப்பு. இறுதி உத்தரவுக்கு 60 நாள். அதைத் தாண்டினால் 6% வட்டி. 2025 அக்டோபர் 1 முதல் போடப்படும் விண்ணப்பங்களுக்கு 90% தற்காலிகமாகக் கொடுக்கும் முறை தலைகீழ் வரிக்கும் வந்திருக்கிறது. முன்பு அது ஏற்றுமதி போன்ற பூஜ்ய வரி விற்பனைக்கு மட்டும் இருந்தது. ஆபத்து குறைவு என்று கணினி பிரித்த விண்ணப்பங்களுக்குத்தான் அது. எல்லாருக்கும் கிடைக்கும் என்று நம்பிப் பழத்துக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

போடுவதற்கு முன் பில் பட்டியலை 2Bயோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். சேவை பில்லைச் சேவை என்றே குறியுங்கள். கிடங்கு வாடகையைத் தவறிப்போய் உள்ளீட்டுப் பொருளில் போட்டால் முதலில் பிடிபடுவது அதுதான். பழைய டின், தகரக் கழிவு ஏதாவது விற்றீர்களா? அதற்கு 18% வரி. மொத்த விற்பனையில் சேரும், தலைகீழ் விற்பனையில் சேராது. சின்னத் தொகைதான், ஆனால் 3Bயோடு மொத்தம் ஒத்துப் போகாவிட்டால் கேள்வி வரும்.

காவேரிப்பட்டினம் கூழ்

கழிவு இன்னும் விற்கவில்லை, வளாகத்திலேயே கிடக்கிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அக்டோபர் மாதம் 340 டின் உப்பிவிட்டது. மூடி சீலில் ஏதோ கோளாறு. குழி தோண்டிப் புதைத்துவிட்டோம். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

தருமபுரி வரிக்கணக்கு

உண்டு. அழித்த சரக்குக்குப் போன டின்னின் கிரெடிட்டை வைத்துக்கொள்ள முடியாது, பிரிவு 17(5)(h). 340 டின், 70 ரூபாய், 18%. 4,284 ரூபாய். அக்டோபர் 3Bயிலேயே திருப்பியிருக்க வேண்டும். இப்போது டிசம்பர் 3Bயில் திருப்பிவிடுங்கள், தாமதத்துக்கு வட்டி வருமா என்பதை ஆடிட்டரோடு பாருங்கள். ரீஃபண்ட் கணக்கில் பொருள் கிரெடிட்டை இப்போதே குறைத்துப் போடுங்கள். 10,87,716 என்று வையுங்கள், சேவையோடு 12,70,716. வரியில் பொருளின் பங்கு 5,13,592. ரீஃபண்ட் 5,74,124. பெட்டி, லேபிள் கிரெடிட்டும் கொஞ்சம் குறையும், உங்கள் பதிவேட்டைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாலாயிரத்துக்காக ஐந்தரை லட்ச விண்ணப்பம் நிற்கக் கூடாது. புதைத்த அன்று எடுத்த போட்டோ, தேதி, பேட்ச் நம்பர் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள்.

பர்கூர் ஆலை

அண்ணா, டின் சப்ளையரிடம் இன்றைக்கே பேசி எந்த பில் எந்த மாத 2Bயில் விழுந்தது என்று எழுதி வாங்குங்கள். நான் அதைச் செய்யாமல்தான் ஒரு மாதம் இழந்தேன். என் மேல்முறையீட்டில் சரக்கு இருப்பு விஷயத்துக்கு என்ன உத்தரவு வருகிறதோ, வந்ததும் இங்கேயே போடுகிறேன்.

காவேரிப்பட்டினம் கூழ்

சரி அண்ணா. இரண்டு பில் செப்டம்பரில்தான் விழுந்திருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன். ஏப்ரல்–ஜூலை என்று போட்டிருந்தால் அதில் மாட்டியிருப்பேன். நாளைக்கு ஆடிட்டர் அலுவலகத்துக்குப் புதுச் சூத்திரத்தோடு போகிறேன். மார்ச் வரை ரொக்கமாகக் கட்ட வேண்டிய வரிக்கு இப்போதிருந்தே மாதம் எழுபதாயிரம் எடுத்து வைக்கப் போகிறேன்.